மருந்து அட்டவணை மொழிபெயர்ப்பு அன்று

எல்லையோரத் தமிழர்களுக்கு மருத்துவச் சீட்டைத் தமிழில் தந்துவிட்டால் போதும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அந்தக் கோரிக்கை நியாயமானது, ஆனால் போதாது.

பெருங்கடவிளையில் பாட்டிக்கு மாத்திரை கொடுப்பவர் என் சித்தி. 1956இல் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றதால் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், அச்சிட்ட சீட்டிலோ ஆங்கிலம். சீட்டையும் மாத்திரை அட்டைகளின் படங்களையும் அனுப்பி, தமிழில் எழுதித் தரச் சொன்னார். வரிக்கு வரி பெயர்த்தேன். தைராக்ஸின் 50 மைக்ரோகிராம், 1-0-0. கால்சியம் 500 மில்லிகிராம், 1-0-0. அம்லோடிபின் 5 மில்லிகிராம், 0-0-1. சித்தி முதலிரண்டையும் காலையில் ஒன்றாகவே கொடுத்தார். பிழை அவருடையதன்று, என்னுடையது.

1-0-1 என்பது காலை, மதியம், இரவு என்னும் இடங்களை மட்டுமே குறிக்கும். எத்தனை மணி, உணவுக்கு முன்னா பின்னா என்பதை அது சொல்வதில்லை. தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உண்ண வேண்டும். கால்சியம் அதன் உறிஞ்சுதலைத் தடுக்கும். ஆகவே இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. மருத்துவரிடம் கேட்டபின் கால்சியம் மதிய உணவுக்குப் பின்னுக்கு மாறியது. சீட்டு மருந்து வாரியாக அடுக்கப்பட்டது. பராமரிப்பவருக்கான அட்டவணை நேரம் வாரியாக அடுக்கப்பட வேண்டும். 6 மணி வரியில் தைராக்ஸின் மட்டும், 2 மணி வரியில் கால்சியம், 9 மணி வரியில் அம்லோடிபின். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துக்கு நேரமும் போதாது, கிழமையை எழுத வேண்டும். அதை நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு.

அடுத்தது பெயர். சீட்டில் ஒரு வணிகப் பெயர்; கடையில் கிடைத்தது வேறொன்று; வீட்டிலோ பழைய அட்டை மூன்றாவது பெயரில். மூன்றும் அம்லோடிபினே. வணிகப் பெயரால் அட்டவணையிட்டால் ஒரே மருந்து இருமுறை உள்ளே போகும். 2018 முதல் அட்டையில் மூலப்பெயர் வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெயரையே வரியின் தலைப்பாக்குங்கள். வணிகப் பெயர் அடையாளத்துக்கு மட்டும்.

பளபளக்கும் தாளைப் படமெடுக்கும்போது 0.5இன் புள்ளி மறையும். மைக்ரோகிராம் மில்லிகிராமாகப் படிக்கப்பட்டால் அளவு ஆயிரம் மடங்கு. சீட்டின் அளவும் அட்டையின் அளவும் ஒத்துப் போகாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, மருந்தாளரிடம் கேட்க வேண்டும். ஊகித்து நிரப்புவது புலமை அன்று.

சொல்லைப் பெயர்த்தவுடன் நம் பணி முடிந்ததாக நினைக்கும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். சித்திக்குத் தேவைப்பட்டது தமிழ்ச் சீட்டு அன்று. காலை ஆறு மணிக்கு எந்த மாத்திரையைக் கையில் எடுப்பது என்னும் விடை.