பையில் பிடித்த சிறுநீரை எவ்வளவு நம்பலாம்?

கைக்குழந்தைக்கு இருமல் இல்லை, சளி இல்லை, ஆனால் காய்ச்சல் மட்டும் கொதிக்கிறது என்றால், நாங்கள் முதலில் சந்தேகப்படுவது சிறுநீர்த் தொற்றை. குழந்தைக்கு எரிச்சலைச் சொல்லத் தெரியாது. எனவே சிறுநீரை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கிறோம். இதைத்தான் ‘கல்ச்சர்’ என்கிறோம். முடிவு வர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும்.

அந்த அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெற்றோர் கிருமியின் பெயரையும் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். குழந்தை மருத்துவரான நான் முதலில் கேட்பது வேறு: ‘சிறுநீரை எப்படிப் பிடித்தார்கள்?’

அண்மையில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றை அழைத்து வந்தார்கள். நான்கு நாளாக 39 டிகிரி காய்ச்சல். இரண்டாம் நாளே ஒரு கிளினிக்கில் சிறுநீர் எடுத்திருந்தார்கள். கல்ச்சர் அறிக்கையில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஈ.கோலை கிருமி, கூடவே இன்னொரு வகைக் கிருமியும் இருந்தது. “கிட்னியில் கோளாறா டாக்டர்? ஸ்கேன் எடுக்கணுமா?” என்று தாய் கலங்கிப் போயிருந்தார். எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டேன். ஒட்டும் பிளாஸ்டிக் பையில். ஒன்றரை மணி நேரம் ஒட்டியிருந்தது. நடுவில் குழந்தை மலமும் கழித்திருக்கிறது.

பையில் என்ன சிக்கல்? சிறுநீர்ப்பைக்குள் இருக்கும்போது சிறுநீரில் பொதுவாகக் கிருமி வளராது. ஆனால் பைக்குள் விழுமுன் அது தோலின் மடிப்புகளைக் கழுவிக்கொண்டு வருகிறது. அங்கே மலத்திலிருந்து வந்த கிருமிகள் எப்போதும் உண்டு. உடல் சூட்டில் பை ஒட்டியிருக்கும் நேரத்தில் அவை பெருகவும் செய்யும். சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவதும் மலத்தில் வாழும் அதே ஈ.கோலைதான். ஆகவே கிருமியின் பெயரை வைத்து, அது உள்ளிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்று ஆய்வுக்கூடத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால், வெளியிலிருந்து கலந்தது என்ற சந்தேகம் வலுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ச்சலோடு வரும் 100 குழந்தைகளில் 5 பேருக்கு உண்மையிலேயே சிறுநீர்த் தொற்று என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் பையில் எடுத்தால், தொற்றில்லாத 95 பேரில் சுமார் 35 பேருக்குக் கிருமி இருப்பதாக அறிக்கை வரும். மொத்தம் 40 அறிக்கைகள். அதில் உண்மை 5 மட்டுமே. எட்டில் ஒன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி ஏறக்குறைய இதே கணக்கைக் காட்டி, பையில் பிடித்த சிறுநீரின் கல்ச்சரை வைத்துத் தொற்றை உறுதி செய்யக்கூடாது என்றது. மீதி ஏழு பேரும் தேவையில்லாத ஆண்டிபயாடிக், சிலர் வார்டு, ஸ்கேன் என்று அலைய நேரும்.

அதற்காகப் பையே வீண் என்று சொல்ல மாட்டேன். பையில் எடுத்தும் கிருமி வளரவில்லை என்றால் அந்த முடிவை நம்பலாம்.

அடுத்த வழி, கழிக்கும்போதே பிடிப்பது. பால் கொடுத்து 20, 30 நிமிடம் கழித்துக் குழந்தையின் அடிப்பகுதியைக் கழுவித் துடைத்துவிட்டு, கிருமி நீக்கிய டப்பாவைத் திறந்து தயாராக வைத்திருக்க வேண்டும். ஒருவர் குழந்தையைப் பிடிக்க, இன்னொருவர் டப்பாவோடு காத்திருப்பது நல்லது. முதல் சில துளிகளை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் விளிம்பு தோலில் படக்கூடாது. பையைவிடக் கலப்பு குறைவு. ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது.

பொறுமைதான் இதற்கு விலை. குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்த்தால் சீக்கிரம் கழிக்கும் என்று மெல்பர்ன் மருத்துவர்கள் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், தேய்த்தபோது 100க்கு 31 பேர் ஐந்து நிமிடத்துக்குள் கழித்தார்கள். தேய்க்காதபோது 12 பேர்தான். உதவும், ஆனால் மந்திரம் இல்லை.

அந்த எட்டு மாதக் குழந்தைக்கும் இப்படித்தான் முயன்றோம். கழித்தாள், ஆனால் தரையில்! சிறுநீர்ப்பை காலியானவுடன் குழாய் விட்டால் ஒன்றும் வராது. பால் கொடுக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் காத்திருந்து, கதீட்டர் போட முடிவு செய்தோம்.

“ஐயோ டாக்டர், இவ்வளவு சின்னக் குழந்தைக்கா டியூப் விடுவீங்க?” என்றார் பாட்டி.

“ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்லைம்மா, மெல்லிசுதான். எடுத்ததும் கழட்டிடுவோம்” என்று குழாயைக் காட்டினேன்.

குழந்தை அழும், அதை மறைக்க மாட்டேன். அடுத்த முறை கழிக்கும்போது லேசாக ரத்தம் தெரியலாம். குழாய் வழியே கிருமி உள்ளே போகும் சிறு வாய்ப்பும் உண்டு. அதனால்தான் சுத்தம் செய்து, கையுறை போட்டு, வரும் முதல் துளிகளை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறோம். சில நிமிட வேலை. சிறுநீர் தோலைத் தொடாமல் நேரே டப்பாவுக்கு வருவதால், இதில் கிருமி வளர்ந்தால் அதற்குப் பொருள் உண்டு.

அவளுடைய கதீட்டர் சிறுநீரைக் காகிதப் பட்டையில் பார்த்தபோது வெள்ளணு இல்லை, நைட்ரைட்டும் இல்லை. குழந்தைகள் அடிக்கடி கழிப்பதால், தொற்று இருந்தும் நைட்ரைட் தெரியாமல் போகலாம். ஆனால் வெள்ளணுவும் இல்லாதது நல்ல அறிகுறி. பால் குடித்தாள், முகம் பார்த்துச் சிரித்தாள். ஆண்டிபயாடிக் தொடங்காமல் கவனித்தோம். மறுநாள் காய்ச்சல் இறங்கி, உடம்பெல்லாம் இளஞ்சிவப்புத் தடிப்பு எழும்பியது. இந்த வயதில் வழக்கமாக வரும் வைரஸ் காய்ச்சல், ரோசியோலா. இரண்டு நாளில் வந்த கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை. ஸ்கேனுக்கு அவசியம் ஏற்படவில்லை.

குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கதை வேறு. உண்மையான தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். அப்போது டப்பாவோடு காத்திருக்க நேரமில்லை. கதீட்டரில் எடுத்துவிட்டு உடனே மருந்து தொடங்குவோம். அந்த வரிசை முக்கியம். ஆண்டிபயாடிக் போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய், தொற்று இருந்ததா என்பதே தெரியாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியைத் தொட்டாலே, வீட்டில் எதையும் பிடித்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

வீட்டிலோ கிளினிக்கிலோ பிடித்த டப்பா ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் போக வேண்டும். முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போனால், நல்ல சிறுநீரும் கெட்டுவிடும்.

பையில் எடுத்த கல்ச்சரில் கிருமி என்று சொல்லி மருந்து எழுதினால், முதல் மூடியைத் திறப்பதற்கு முன் தயங்காமல் கேளுங்கள்: ‘டாக்டர், இதை கதீட்டரிலோ கழிக்கும்போது பிடித்தோ ஒருமுறை உறுதி செய்யலாமா?’ குழந்தை மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.