ரயில் தமிழ், சார்ஜர் இங்கிலீஷா?

கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

புனேல எங்க தெரிஞ்சவங்க பொண்ணு பி.ஏ. மொழியியல் படிக்குது. புராஜெக்டுக்காக நூறு பொருள் பேர் போட்ட ஒரு படிவம் கொண்டு வந்தது. ஒவ்வொண்ணுக்கும் நீங்க சொல்றது தமிழா, இங்கிலீஷான்னு டிக் அடிக்கணும். "அங்கிள், அஞ்சே நிமிஷம்"னு சொல்லி அம்மா, நான், பையன் மூணு பேர்கிட்டயும் வாங்கிட்டுப் போச்சு. போன மாசம் தமிழர் கூட்டம் ஒண்ணுல முடிவைப் படமா போட்டாங்க. பெரியவங்களுக்குக் குட்டித் தூண், பசங்களுக்கு ஆகாசம் வரைக்கும் தூண். உடனே ஒரு பெரியவர் மைக்கைப் பிடிச்சு, "இந்தப் பசங்களோட தமிழ் செத்துடும்"னார். என் பையன் தலையைக் குனிஞ்சுகிட்டான். அதுக்கப்புறம் அந்தக் கூட்டத்துல யார் தமிழ்ல கேட்டாலும் ஹிந்தியிலதான் பதில் சொல்றான்.

பொண்ணு மேல எனக்கு வருத்தமில்லை. அந்தப் படிவம்தான் தப்பு.

எங்க அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு, இங்கிலீஷ் தெரியாது. நூறுல மூணுதான் இங்கிலீஷ்னு டிக் அடிச்சிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போன கதையைச் சொல்லச் சொல்லி, பத்து நிமிஷம் போன்ல பதிவு பண்ணேன். ஆட்டோ, டேஷன், டிக்கெட்டு, பிளாட்பாரம், ரயில், லைட்டு, சோடா, போலீசு, டாக்டர், ஆஸ்பத்திரி, பில்லுன்னு பதினொண்ணு வந்தது! "ரயில் தமிழ்தானேடா?"ங்கறாங்க. அவங்க சொல்றதும் ஒரு வகையில சரிதான். ரொம்ப நாள் புழங்கின கடன் சொல் கடனாவே தெரியாது. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் தந்தது. நான் பேங்க்ல தினம் சொல்ற பாக்கி, வசூல், ரசீது எல்லாம் அரபி, பாரசீக வழி வந்தது. ஆக அந்தப் படிவம் கடனை அளக்கலை. எது கடன்னு யாருக்கு உறைக்குதோ, அதைத்தான் அளந்தது. பெரியவங்க தூண் குட்டையானது இப்படித்தான்.

அடுத்தது, வயசு. இருபது வயசுல காலேஜ், நண்பர்கள்னு இருக்கும்போது பேசற பேச்சு நாப்பத்தஞ்சுல அப்படியே இருக்கணும்னு இல்லை. மொழி மாறுதா, இல்லை அந்த வயசுக்குரிய பேச்சாங்கறது ஒரே நாள் கணக்குல தெரியாது. வில்லியம் லபோவ் 1963-ல் வெளியிட்ட மார்த்தாஸ் வினியார்ட் தீவு ஆய்வுல உச்சரிப்பை வயசு வாரியாப் பிரிச்சார். ஆனா அதை மட்டும் நம்பலை; அந்தத் தீவுல 1930-கள்ல எடுத்த பழைய குறிப்புகளோட ஒப்பிட்டுத்தான் மாற்றம்னு சொன்னார். நம்ம கூட்டத்துல ஒரே ஒரு தூண் படத்தை வச்சு சாவுக்கே தேதி குறிச்சுட்டாங்க.

இப்ப பையன் பேச்சைப் பாருங்க: "வாட்டர் பாட்டிலை ஃபில் பண்ணி பேக்ல வச்சிட்டேன்மா." இங்கிலீஷ் வார்த்தை நாலு. ஆனா வேற்றுமை உருபு, வினை எச்சம், காலம், "மா"ங்கற விளி எல்லாம் தமிழ். ஃபில்ங்கற வினைகூட நேரா உள்ள வர முடியலை, 'பண்ணி'யைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுத்தான் வருது. வாசல்ல காவல் நிக்கறது தமிழ் இலக்கணம்தான். பக்கத்து வீட்டுப் பையன் தமிழ் புரிஞ்சும் ஹிந்தியிலயே பதில் சொல்றவன். அவனோட தமிழ்ப் பேச்சை எடுத்து எண்ணினா இங்கிலீஷ் பூஜ்யம், ஏன்னா அதுல தமிழே இல்லை. இந்த மாதிரி எண்ணிக்கையில சுத்தமான தமிழன் அவன்தான் :-) எங்க வீட்டு 'கச்ரா டப்பா' எந்தக் கணக்குலயும் வரலை, அது இங்கிலீஷ் இல்லையே!

அப்ப எல்லாம் சரியாங்கறீங்களா? இல்லை. பேங்க்காரன் சொல்றேன், கடன் வாங்கறவன் எல்லாம் திவாலாறதில்லை. வீட்டுக்குப் புதுசா ஒண்ணு வந்துதா, இருந்ததை வித்துட்டு வந்துதான்னு பாக்கணும். சார்ஜர் புதுசா வந்தது, அதால நஷ்டமில்லை. ஆனா பெரியப்பா, சித்தப்பா, மாமா மூணு பேரும் 'அங்கிள்'ல அடங்கினா, யார் அப்பா வழி, யார் அம்மா வழிங்கற கணக்கே போச்சு. 'ஆனா' போய் 'பட்' வந்ததும் அப்படித்தான்.

அந்தப் பொண்ணுகிட்ட இதைத்தான் சொன்னேன். படிவத்தை விடும்மா. ஒவ்வொரு வயசுலயும் ஒரே விஷயத்தை, பயணமோ சமையலோ, சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணு. நூறு வார்த்தைக்கு எத்தனைன்னு எண்ணு. திரும்பத் திரும்ப வர்ற ஒரே வார்த்தையைத் தனியா எழுது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கேள்வி கேளு: இங்கிலீஷ் தெரியாத பாட்டி இதைச் சொல்வாங்களா? இது வந்ததால எந்தத் தமிழ் வார்த்தை வெளிய போச்சு? அப்புறம் தூண் வரை.

மைக் பிடிச்ச பெரியவருக்கு ஒரே வார்த்தை. வெளியூர்ல தமிழ் போறது பசங்க இங்கிலீஷ் கலந்து பேசறதால இல்லை சார், பேசறதை நிறுத்தறதால. நிறுத்த வச்சது அன்னிக்கு நீங்க.