அப்பாவின் பாஸ்வேர்ட் தெரிந்தால் போதுமா?

பெரியப்பாவின் அந்தியேட்டி முடிந்த கையோடு பெரியம்மா அவருடைய போனை என்னிடம் தந்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சனீதானே. இதை ஒருக்காத் திறந்து தா. ஊர்ப் படமெல்லாம் அவற்றை மெயிலுக்குள்ளதான் கிடக்கு."

போனின் பின் நம்பர் யாருக்கும் தெரியாது. ஆனால் மெயில் பாஸ்வேர்ட் அவருடைய டயரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. என்னுடைய லேப்டாப்பில் அதை அடித்தேன். புது இடத்திலிருந்து யாரோ வருகிறார்கள் என்று சந்தேகப்பட்ட மெயில் நிறுவனம், பெரியப்பாவின் நம்பருக்கு ஒரு கோட் அனுப்பியது. அந்த நம்பர் இப்போது இல்லை. மாதாமாதம் காசு வீணாகிறதே என்று அண்ணா முதல் வாரமே சிம்மை நிறுத்திவிட்டார்.

அதனால்தான், "அப்பாவின் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், பிறகென்ன?" என்று சொல்லும் உங்களோடு எனக்குச் சண்டை. பாஸ்வேர்ட் பாதிச் சாவி. மீதிப் பாதி அந்த சிம்மிலோ, பூட்டிய போனிலோ இருக்கிறது. வீட்டில் யாராவது இறந்தால் எல்லாக் கணக்கும் ஒழுங்காகும்வரை அந்த நம்பரை நிறுத்தாதீர்கள். பின் நம்பரையும் ஊகித்து அடிக்காதீர்கள். பத்துப் பிழைக்குப் பிறகு தன்னையே அழித்துவிடும்படி அமைத்த போன்களும் உண்டு.

பிறகு நிறுவனத்துக்கு எழுதினேன். என் அடையாள அட்டை, இறப்புச் சான்றிதழ், அது ஜெர்மன் மொழியில் இருப்பதால் அத்தாட்சிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு, பெரியம்மாதான் வாரிசு என்பதற்கான எர்ப்ஷைன் எல்லாம் கேட்டார்கள். (ஷ்டாண்டஸ்அம்டில் இறப்பைப் பதியும்போதே பன்மொழிச் சான்றிதழையும் கேட்டு வாங்கலாம். அதில் ஆங்கிலமும் இருக்கும். எனக்கு இது பிந்தித்தான் தெரிந்தது.) அடுத்த சிக்கல் பெயர். சான்றிதழில் தகப்பன் பெயரோடு சேர்ந்த நீட்டுப் பெயர். மெயில் கணக்கில் எல்லோரும் கூப்பிடும் செல்லப்பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவச் சொன்னார்கள். கடைசியில் கணக்கை மூட ஒத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்ததைத் தரவில்லை.

"ஜெர்மனியில் சட்டம் நம் பக்கம்தானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். உண்மைதான். 2012இல் பெர்லினில் ரயில் மோதி இறந்த 15 வயதுப் பிள்ளையின் பேஸ்புக் கணக்கு பெற்றோருக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. கடிதங்களும் டயரியும் வாரிசுக்குப் போவதுபோல இதுவும் போகும் என்றது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் என்ன கொடுத்தது? 14,000 பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு பிடிஎப், ஒரு யுஎஸ்பி குச்சியில். அது போதாது, கணக்கையே திறந்து காட்டு என்று 2020இல் மறுபடியும் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. உரிமை கையில் இருந்தும் எட்டு வருடம். பெரியம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வழக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இந்த அலைச்சலைத் தவிர்க்க உயிரோடு இருப்பவர் ஒரு பெயரைக் குறித்து வைத்தால் போதும். ஐபோனில் Settings திறந்து, மேலே உள்ள பெயரைத் தட்டி, Sign-In & Security உள்ளே Legacy Contact என்பதில் ஐந்து பேர்வரை சேர்க்கலாம். ஜெர்மன் போனில் அதன் பெயர் Nachlasskontakt. அப்போது ஒரு அணுகல் சாவி கிடைக்கும். அதை அச்சிட்டு வையுங்கள். பின்னால் அந்தச் சாவியும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் ஐகிளவுட் படங்கள், குறிப்புகள், மெயில் எல்லாவற்றையும் மூன்று வருடத்துக்குப் பார்க்கலாம். சேமித்த பாஸ்வேர்டுகளும் காசு கொடுத்து வாங்கிய படங்களும் வராது. கூகிளில் இதன் பெயர் Inactive Account Manager. 3 முதல் 18 மாதம்வரை நீங்கள் சொல்லும் காலத்துக்குக் கணக்கில் அசைவில்லை என்றால், குறித்த ஆளுக்குச் செய்தி போகும். அவர் மூன்று மாதத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

"அப்பாவின் மெயிலை நான் வாசிப்பது சரியா?" என்ற கேள்வி நியாயமானது. கூகிளில் படங்களை மட்டும் கொடு, மெயிலைக் கொடுக்காதே என்று அப்பாவே தெரிவு செய்யலாம். பாஸ்வேர்டை டயரியில் எழுதிவைத்தவருக்கு அந்தத் தெரிவும் இல்லை.

"சாவைப் பற்றி வீட்டில் எப்படிக் கதைப்பது, அபசகுனம் என்பார்களே" என்கிறீர்கள். அப்பாவின் போனில் வாட்ஸ்அப்பைப் போட்டுக்கொடுத்ததும் நீங்கள், பாங்க் ஆப்பைப் போட்டுக்கொடுத்ததும் நீங்கள். அப்போது அவர் ஏன் என்று கேட்டாரா? நான் அம்மாவிடம், "உங்கடை படங்கள் துலையாமல் இருக்க என்ரை பேரைப் போடுறன்" என்றுதான் சொன்னேன். "அப்ப உன்ரை தங்கச்சியின்ரை பேரையும் போடு" என்றார்.