படத்தில் வந்த பாட்டும் பாஷை மாறும் பாட்டும்

நம் சங்க ஆண்டு விழாவில் பாடுவதற்கென ஒரு வங்கப் பாட்டைத் தமிழாக்க வேண்டும் என்ற பேச்சு இரண்டு மாதமாக நடந்து வருகிறது. கல்கத்தாவில் படிக்கும் நாம் வங்கப் பாட்டொன்றைத் தமிழில் பாடிக் காட்டுவது முறைதான். பாட்டும் நல்ல பாட்டு. உடன் படிக்கும் நண்பர் ஒருவரின் பாட்டியார் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தது. பரிசாலில் பிறந்து, 1947-இல் நாடு பிரிந்தபின் இவ்வூருக்கு வந்தவர். இப்போது உயிருடன் இல்லை. நோட்டை வெளியே கொடுக்க வீட்டார்க்கு மனமில்லை. பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். நான்கே அடி. அதற்கு நம் நண்பர்கள் எழுதிய மொழிபெயர்ப்புகளில் எதுகை சொக்கும் ஒன்றுக்குத்தான் கைதட்டல் அதிகம். அதை ஏற்கலாகாது என்பது என் துணிபு. காரணம் சொல்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. வங்க எழுத்தில் ‘ப’வும் ‘ர’வும் ஒரே முக்கோணம், அடியில் ஒரு புள்ளி இட்டால் ‘ர’. இரவுக்கு ‘ராத்’ என்பார்கள். புள்ளி போனால் அது ‘பாத்’, அதாவது வாதநோய்! “இரவு தீர்கிறது” என்ற உருக்கமான அடி “மூட்டுவலி தீர்கிறது” என்று மருந்து விளம்பரமாகிவிடும். பழந்தாளில் புள்ளி எது, பூஞ்சைக் கறை எது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதால் மட்டும் விளங்காது. பக்கவாட்டில் வெளிச்சம் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். பேனா அழுத்திய இடம் சற்றே குழிந்து நிழல் காட்டும், கறை காட்டாது. தாளின் மறுபக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். அங்கிருந்து ஊறி வந்த மைப்புள்ளிகளைக் கழிக்க அது வேண்டும்.

இதனாலும் தீராத ஐயம் ஒன்று இருந்தது. எழுத்தின் தலைமேல் பிறையும் புள்ளியுமாய் இடும் குறிக்குச் சந்திரபிந்து என்று பெயர். ஓசையை மூக்கில் ஏற்றும் குறி. அது இருந்தால் ‘பா(ன்)தா’, கட்டப்பட்டது. இல்லாவிட்டால் ‘பாதா’, தடை. முதல் அடியில், துறையில் ஓடம் கட்டிக் கிடக்கிறதா, தடைப்பட்டுக் கிடக்கிறதா? படத்தில் அக்குறி எங்குமே இல்லை. மடிப்பில் மறைந்தது என்றார் ஒருவர். அதுவன்று விஷயம். கிழக்கு வங்கத்தார் பேச்சில் அந்த மூக்கொலியே கிடையாது. நிலவைக் குறிக்கும் ‘சாந்த்’ என்ற சொல்லையும் அவர்கள் ‘சாத்’ என்றே சொல்வார்கள். பாட்டியார் பேசியபடி எழுதியிருக்கிறார். ஆகவே இலக்கணத்தைத்தான் கேட்க வேண்டும். ‘தடை’ என்றால் தடை ‘பெற்றது’ என்பது போல் ஒரு வினை அங்கே தொடரவேண்டும், தொடரவில்லை. எனவே ஓடம் கட்டிக் கிடக்கிறது. இதில் ஐயமில்லை.

இனிதான் சண்டை. பாட்டின் பொருளைப் பச்சையாகச் சொன்னால் இவ்வளவுதான்: துறையில் ஓடம் கட்டிக் கிடக்கிறது, ஆள் இன்னும் வரவில்லை. ஓடம் முகத்தைத் திருப்பிக் கொண்டது, இன்னும் வரவில்லை. இரவு தீர்கிறது. வருவது உண்டு.

கைதட்டல் பெற்ற மொழிபெயர்ப்பில் இரண்டாம் அடி, தென்றலில் ஓடம் ஆடுகிறது என்று அழகாக மாறியிருக்கிறது. “முகம் திருப்புவதாவது! ஓடம் என்ன ஊடுகிறதா?” என்று அதை எழுதிய அன்பர் கேட்டார். காவிரிக்கரையில் பிறந்தவர் கேட்கக்கூடிய கேள்விதான். காவிரி ஒரு பக்கமாகவே ஓடும். பரிசால் ஆறுகள் அப்படியல்ல. கடலின் ஓதம் அவற்றில் ஏறி இறங்கும். தலைப்பில் கயிறு கட்டிய ஓடம் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். வற்றத்தின்போது அதன் முகம் ஆற்றின் மேற்புறம் நோக்கும். ஏற்றம் வந்ததும் மெல்லச் சுழன்று கடலை நோக்கும். ஏற்றமும் வற்றமும் மாற ஏறக்குறைய 6 மணி நேரம். ஆக, ஓடம் முகம் திருப்பியது என்றால், காத்திருப்பவர் அவ்வளவு நேரம் துறையிலேயே இருந்திருக்கிறார் என்று பொருள். பாட்டுக்குள் இருக்கும் கடிகாரம் அது ஒன்றே. தென்றலில் ஆடும் ஓடத்துக்கு எந்த நேரமும் ஒன்றுதான். அழகு கூடிற்று, காத்திருத்தல் போயிற்று. நம்மவர் ஆற்றை அறியாதவர் என்றால் ஒரு சொல்லைச் சேர்ப்போம்: “ஓதம் ஏற ஓடம் முகம் திருப்பிற்று.” மோனை தானே வந்து அமைந்ததைப் பாருங்கள்.

அடுத்தது ‘ஷே’ என்ற சிறு சொல். அவன், அவள் இரண்டுக்கும் வங்கத்தில் அது ஒன்றே. வினையும் பால் காட்டாது. வரவேண்டியவர் காதலரா, எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட மகனா, மகளா? வீட்டாரையே கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெய்வம் என்போரும் உண்டு. நம் அன்பரோ, “கண்ணா” என்று விளித்து வழக்கைத் தீர்த்துவிட்டார். பாட்டியார் ஒரு பக்கமும் சாயாமல் எழுதியதை, முகங்காணாத நாம் தீர்த்து வைக்க என்ன உரிமை?

தமிழில் வினைமுற்று பாலைக் காட்டியே தீரும் என்றார் அவர். முழுதும் சரியன்று. “வரவில்லை” என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, எல்லார்க்கும் பொது. முதல் இரண்டடி தப்பிவிடும். இடர், உடன்பாடாய் முடியும் கடைசி அடியில்தான். வருவான், வருவாள், வருவார் என மூன்றும் கதவைச் சாத்துகின்றன. “வருவது திண்ணம்” என்று பார்த்தேன். தேர்தல் மேடை வாடை அடிக்கிறது. ‘இல்லை’ பொதுவானால், அதன் எதிர்ச்சொல்லும் பொதுதானே? “வரவுண்டு.” வரவு என்றால் கணக்குப் பேரேடு நினைவுக்கு வருகிறதாம் சிலருக்கு. வரட்டுமே!

தாளத்துக்கும் இது பொருந்துகிறது. வீட்டார் இப்பாட்டைத் தாத்ராவில் பாடுகிறார்கள். மூன்றும் மூன்றுமாய் ஆறு மாத்திரை. “வரவி” முதல் மூன்று. “ல்லை” நீண்டு அடுத்த மூன்று. “வரவு” மூன்று, “ண்டு” நீண்டு மூன்று. அடியீற்றில் ஒத்து ஒலிக்கும் வங்க இயைபு போய்விடுகிறது என்பது உண்மையே. அதற்கு நான் வருந்தவில்லை. தமிழ்ச் செவி அடியின் தலையில் காத்திருக்கும் செவி. வினை விகுதிகள் மலிந்த நம் மொழியில் அடியீற்று ஓசை கேட்காமலே கிடைப்பது, அதனால் மலிவானதும்கூட. தாகூரே தம் பாட்டுகளை 1912-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இயைபை விட்டு வசனத்தில்தான் தந்தார். அவர் தாளத்தையும் விட்டார். படிப்பதற்கென்று தந்தார், சரி. நாமோ பாடப்போகிறோம். ஆகையால் தாளத்தை விடலாகாது, இயைபை விடலாம்.

சங்கத்தார் முன் நான் வைப்பது இதுதான்:

துறையில் கட்டிய ஓடம், இன்னும் வரவில்லை.
ஓதம் ஏற ஓடம் முகம் திருப்பிற்று, இன்னும் வரவில்லை.
இரவு தீர்கிறது.
வரவுண்டு.

இரண்டாம் அடி மற்றவற்றினும் நீளம். பாடுகிறவர் அங்கே ஒரு சுற்றுத் தாளம் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். நண்பரின் தாயாரிடம் பாடிக் காட்டினேன். அந்த இடத்தில் தம் தாயாரும் இழுத்துத்தான் பாடுவார் என்றார்.

அச்சிடும்போது பக்கத்தின் படத்தையும் எதிரே போட்டால் நலம். நம்மில் வங்கம் படிக்கத் தெரிந்தவர் பலர் இருக்கிறார்கள். புள்ளியை அவர்களும் பார்க்கட்டும்.