வாட் மட்டும் போதாது

சாம்சங் 2021-இல் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. அன்றுமுதல் கடைக்காரர் நீட்டும் சார்ஜரில் நாம் பார்ப்பது வாட் எண் ஒன்றைத்தான். அது போதாது. 25 வாட் வேகத்தை ஏற்கும் கேலக்ஸி எஸ் போனுக்கு 65 வாட் லேப்டாப் சார்ஜரைச் செருகினாலும் சில நேரம் மெதுவாகத்தான் ஏறும். அந்த முழு வேகத்துக்கு, போன் கேட்கும் மின்னழுத்தத்தைச் சிறு சிறு படிகளாகக் கூட்டிக் குறைத்துத் தரும் PPS வசதி சார்ஜரில் இருக்க வேண்டும். எனவே சார்ஜரின் மேல் உள்ள பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். Output என்ற இடத்தில் 5V, 9V என்று தனித்தனி எண்கள் மட்டும் இருந்தால் வேண்டாம். PPS என்றோ, 3.3-11V என்பது போன்ற வீச்சோ இருந்தால் வாங்கலாம். வீட்டில் செருகியதும் திரையில் Super fast charging என்று வர வேண்டும். வெறும் Fast charging என்று வந்தால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் சார்ஜரைச் சந்தேகியுங்கள். இன்னொன்றிலும் நான் கறாராக இருப்பேன்: இந்தியாவில் விற்கும் சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரையும் R- என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை BIS Care செயலியில் கடையில் நின்றபடியே தட்டிப் பார்க்கலாம். வேறு பிராண்டின் பெயர் வந்தாலோ, எண்ணே இல்லையென்றாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரவு முழுக்கத் தலைமாட்டில் 230 வோல்ட்டில் செருகிக் கிடக்கும் பொருள் அது.