ஷாலோமுக்குத் தமிழில் என்ன?

தேக்கா சந்தையிலிருந்து சிலிகி ரோட்டுப் பக்கம் நடந்தால், புக்கிட் தீமா ரோடு சந்திக்கும் முனையில் ஒரு பழைய கட்டடம் வளைந்து நிற்கும். எலிசன் கட்டடம். 1924இல் கட்டியது. முகப்பில் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. பல வருடம் அந்த வழியாகப் போய் வந்தும், நம் முருகன் கோயில்களில் பார்க்கும் அறுகோணச் சக்கரம் என்றே நினைத்திருந்தேன். அது தாவீதின் நட்சத்திரம், யூதர்களின் அடையாளம். இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்தால் 1928இல் எழுந்த டேவிட் எலியாஸ் கட்டடத்திலும் அதே நட்சத்திரம். பாக்தாத்திலிருந்தும் கல்கத்தா வழியாகவும் வந்த யூதக் குடும்பங்கள் ஒரு காலத்தில் மிடில் ரோடு, சிலிகி, வில்கி ரோடு வட்டாரத்தில்தான் கூடி வாழ்ந்தார்கள். லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த தெருக்காரர்கள் என்றே சொல்லலாம்.

இன நல்லிணக்க நாளுக்காக இந்த வட்டாரத்தைப் பற்றி ஒரு வானொலி நிகழ்ச்சி செய்தோம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே தெருவில், 1878இல் திறந்த மகாயின் அபோத் யூத ஆலயமும் இருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் பேச ஒப்புக்கொண்டார். ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் அதைத் தமிழாக்கி, அவர் குரலின் மேல் என் குரலை வைக்க வேண்டும். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் நாற்பது நிமிடப் பேச்சில் அவர் அடிக்கடி ஒரே ஒரு எபிரேயச் சொல்லைச் சொன்னார்: ஷாலோம். எழுத உட்கார்ந்தபோது அது ஒவ்வொரு இடத்திலும் வேறு சொல்லாக இருந்தது.

முதல் ஷாலோம் வாசலில் வந்தது. அதற்கு 'வணக்கம்' போட்டேன், யோசிக்கவே இல்லை. விடைபெறும்போது சொன்ன ஷாலோமுக்கும் அதே சொல் பொருந்தியது. நாங்கள் வானொலியில் வணக்கம் சொல்லித்தான் தொடங்குகிறோம், வணக்கம் சொல்லித்தான் முடிக்கிறோம். வரும்போதும் போகும்போதும் ஒரே சொல் என்பது நமக்கு ஒன்றும் அதிசயம் இல்லை. அதோடு நின்றிருந்தால் இந்த வாரம் இந்தப் பத்திக்கு வேறு விஷயம் தேடியிருப்பேன்.

அடுத்தது, 'மா ஷ்லோம்ஹா'. ஆலயத்தில் ஒரு நண்பரைப் பார்த்ததும் பெரியவர் கேட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன் ஷாலோம் என்ன?' என்று வரும். 'உன் அமைதி என்ன?' என்று எழுதினால் நேயர்கள் சிரிப்பார்கள். இது நம் 'சௌக்கியமா?', 'நல்லா இருக்கீங்களா?' என்பதுதான். தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்களும் இதே முட்டுச்சந்தில் நின்றிருக்கிறார்கள். இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய மகன் அன்று நண்பகலில்தான் இறந்திருக்கிறான். தீர்க்கதரிசியின் வேலைக்காரன் அவளையும் கணவனையும் பிள்ளையையும் பற்றி விசாரிக்கிறான். எபிரேயத்தில் மூன்று கேள்வியும் ஷாலோமை வைத்துத்தான். அவள் பதிலும் 'ஷாலோம்' என்ற ஒரே சொல். தமிழில் அங்கே 'சுகம்' போட்டிருக்கிறார்கள். மற்ற பல இடங்களில் அதே ஷாலோமுக்குச் 'சமாதானம்' என்று எழுதியவர்கள், இங்கே மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் 'சுகந்தான்' என்று சொல்லிக் கடந்து போகும்போது வயிற்றைப் பிசைகிறதே, அது 'சமாதானம்' என்று வந்திருந்தால் கிடைத்திருக்காது.

இந்தச் சொல்லின் வேர் ஷ, ல, ம என்ற மூன்று மெய்கள். குறையில்லாமல் முழுமையாக இருப்பது என்பது அடிப்படைக் கருத்து. அதே வேரிலிருந்து முழுமை என்ற பொருளில் 'ஷலேம்' வருகிறது. கடனைத் தீர்ப்பது, பணம் செலுத்துவது என்ற பொருளில் 'லெஷலேம்' வருகிறது. பாக்கி இல்லாத நிலைதான் ஷாலோம் என்று நான் எனக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அரபு மொழியின் சலாமும் இதே குடும்பம். மலாய்மொழியின் 'செலாமாட்' அரபிலிருந்து வந்தது. ஆகவே பேருந்தில் 'செலாமாட் ஜாலான்' என்று கேட்கும்போது ஷாலோமின் ஒன்றுவிட்ட தம்பியைத்தான் கேட்கிறோம். அதுவும் இடம் பார்த்துத்தான் வரும். புறப்படுகிறவரைப் பார்த்து இருப்பவர் சொல்வது செலாமாட் ஜாலான். இருப்பவரைப் பார்த்துப் புறப்படுகிறவர் சொல்வது செலாமாட் திங்கால். மாற்றிச் சொன்னால் மலாய் நண்பர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருப்பார்கள். நம் பேச்சுத் தமிழில் சலாம் எப்படி ஆனது என்பதையும் பாருங்கள். 'முதலாளிக்குச் சலாம் போடுறான்' என்றால் அதில் சமாதானமும் இல்லை, நலமும் இல்லை.

பெரியவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு தடவையும் 'அலாவ் ஹஷாலோம்' என்று சேர்த்துக்கொண்டார். 'அவர்மேல் ஷாலோம்' என்று பொருள். இறந்தவர் பெயரைச் சொன்னதும் நாக்கில் தானாக வரும் வழக்கம். முதலில் 'அவருக்குச் சாந்தி' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் சாந்தி என்ற ஒருவரை அவருக்குக் கட்டிவைத்த மாதிரி இருந்தது. 'அவர் ஆத்மா சாந்தியடையட்டும்' என்றால் நாளிதழின் இரங்கல் விளம்பரம் போல ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் அதை வாசித்தால் நிகழ்ச்சியே மரண அறிவிப்பாகிவிடும். கடைசியில் 'காலஞ்சென்ற எங்கள் அப்பா' என்று முதல் தடவை மட்டும் வைத்தேன். அதில் வாழ்த்து காணாமல் போனது எனக்கே தெரிந்தது. எங்கள் பாட்டி தாத்தாவைப் பற்றிப் பேசும்போது 'மகராசன்' என்று ஒரு சொல்லைச் செருகுவார். 'மகராசன், அன்னைக்கு அப்படிச் சொன்னார்' என்பார். அதுதான் அலாவ் ஹஷாலோமின் சரியான தமிழ். ஆனால் ஒரு யூதப் பெரியவர் வாயில் அதை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

என்னை அதிகம் மல்லுக்கட்ட வைத்தது 1964. அந்த ஆண்டு ஜூலை 21இல் இங்கே இனக்கலவரம் வெடித்தது. இன நல்லிணக்க நாளை நாம் ஜூலை 21இல் வைத்திருப்பதே அதனால்தான். ஊரடங்கு போட்டார்கள். பெரியவர் அப்போது சிறுவர். சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்ததைச் சொல்லிவிட்டு, தெருவில் ஷாலோம் இல்லை என்றார். 'தெருவில் அமைதி இல்லை' என்று எழுதினேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்துக் கேட்டபோது என் தயாரிப்பாளர் நிறுத்தினார். "ஊரடங்குன்னா தெருவில ஒரு சத்தமும் இருக்காதே. அமைதியாத்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். தமிழில் அமைதிக்குச் சத்தமின்மை என்றும் பொருள். வகுப்பில் ஆசிரியர் 'அமைதி!' என்று அதட்டினால் பிள்ளைகள் வாயை மூடுவார்கள். ஊரடங்குத் தெருவில் அமைதி நிறையவே இருந்தது, இல்லாதது வேறொன்று. 'சமாதானம் இல்லை' என்று மாற்றிப் பார்த்தேன். அது இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதைச் சொல்லும் சொல். வீட்டுச் சண்டையில் 'எனக்குச் சமாதானம் சொல்லாதே' என்போமே, அந்தச் சாக்குப்போக்கு வாடையும் அதில் கொஞ்சம் உண்டு. சன்னல் ஓரம் நிற்கும் சிறுவனுக்கு இரண்டும் பொருந்தவில்லை. ஒலிபரப்பில் போனது இது: 'தெருவில் ஒரு சத்தமும் இல்லை. யாருக்கும் நிம்மதியும் இல்லை.' ஒரு சொல்லுக்கு இரண்டு வாக்கியம். நிம்மதி என்பது ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் இருப்பது, ஷாலோம் தெருவுக்கே இருக்கக்கூடியது. அந்த அளவு குறைந்துதான் போனது. அதைவிட நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், அடுத்த ஆண்டு மறுஒலிபரப்பில் மாற்றிவிடுகிறேன்.

பிரார்த்தனை முடிவில் மூன்றடி பின்வாங்கி, ஷாலோம் செய்பவரிடம் ஷாலோம் கேட்கும் வழக்கத்தையும் விவரித்தார். அங்கே தயங்காமல் 'சமாதானம்' போட்டேன். செய்கிறவர் ஒருவர் இருக்கும்போது அந்தச் சொல் நன்றாக உட்காருகிறது. அமைதியை யாரும் 'செய்வதில்லை', சமாதானம் செய்து வைப்பார்கள்.

ஒலிப்பதிவு முடிந்து கருவிகளை மூட்டை கட்டும்போது அவர் சொன்ன ஒன்றை நிகழ்ச்சியில் சேர்க்க நேரம் இல்லை. தல்மூதில் ஒரு விதி இருக்கிறதாம், பெராகோத் என்ற பகுதியின் கடைசியில். நானும் பிறகு தேடிப் படித்தேன். உயிரோடிருக்கும் நண்பனை வழியனுப்பும்போது 'லேஹ் லெஷாலோம்' என்று சொல்ல வேண்டும். 'ஷாலோமை நோக்கிப் போ' என்று பொருள். 'லேஹ் பெஷாலோம்', அதாவது 'ஷாலோமோடு போ', என்று சொல்லக்கூடாது. அது இறந்தவரை வழியனுப்பும்போது சொல்வது. வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. தல்மூது ஆதாரமும் காட்டுகிறது. மோசேக்கு மாமனார் எத்திரோ முதல் வகையில் சொன்னார், மோசே உயர்ந்தார். தாவீது தன் மகன் அப்சலோமிடம் இரண்டாம் வகையில் சொன்னார், அவன் மரத்தில் தொங்கிச் செத்தான். தமிழில் 'சமாதானத்தோடு போ' என்றால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'ஓடு' அந்தக் கணக்கில் தப்பான பக்கம் விழுகிறது.

எனக்கு உடனே எங்கள் வீட்டு வழக்கம் நினைவுக்கு வந்தது. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், 'போறேன்' என்று சொன்னால் அம்மா அடிக்க வருவார். 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். சின்ன வயதில் ஈசூனில் ஒரு துக்க வீட்டின் கீழ்த்தளத்தில், பழக்க தோஷத்தில், 'போயிட்டு வர்றேன் ஆன்ட்டி' என்று கத்திவிட்டேன். அம்மா கையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. ஒரு வீட்டில் கட்டாயம் சொல்ல வேண்டியதும் இன்னொரு வீட்டில் சொல்லவே கூடாததும் அதே இரண்டு வார்த்தைதான்.

அதைப் பெரியவரிடம் ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் தலையாட்டினார். பிறகு, "சரி, இப்போ உங்க மொழியில என்ன சொல்லிட்டுக் கிளம்பணும்?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். கேட் வரை வந்து, கையை உயர்த்தி, நான் சொல்ல வேண்டியதை அவரே எனக்குச் சொன்னார்: "போயிட்டு வர்றேன்!"

"நீங்க 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லணும் சார்" என்று திருத்தினேன்.

"இதுக்கு ஷாலோமே தேவலை" என்றார்.