படத்திறப்புக்கு முன்னால்

சூலூரில் எங்கள் உறவினர் ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்பதென்றும், கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து பேசுவதென்றும் வீட்டார் தீர்மானித்தார்கள். அன்னார் காலஞ்சென்றவரை இரண்டே தடவைதான் பார்த்தவர். ஆகவே உறவினர்களிடம் விசாரித்துக் குறிப்பு எடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் சுலபம் என்பது அவர்கள் அபிப்பிராயம்!

முதல் நாள் மாலை கூடத்தில் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்துக் கேட்டேன். "தங்கமான மனுஷர்" என்றார் ஒருவர். "ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்க மாட்டார்" என்றார் மற்றொருவர். எல்லோரும் தலையசைத்தார்கள். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் பார்த்தேன். பெயரை மாற்றினால் இந்த ஜில்லாவில் இறந்த எவருக்கும் அது பொருந்தும். பலர் கூடிய இடத்தில் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார்கள். மூத்தவர் எதிரில் இளையவர் வாயைத் திறப்பதில்லை.

மறுநாள் முதல் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்தேன். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்பதை விட்டேன். "அவர் கோபித்துக்கொண்டதை எப்போது பார்த்தீர்கள்?" என்றும், "வீட்டில் அவருடைய சாமான் என்று யாரும் தொடாதது எது?" என்றும் கேட்டேன். கிணற்று மோட்டாரின் சாவி என்றாள் மூத்த மகள். அங்கிருந்துதான் கதை கிளம்பிற்று.

பாகம் பிரித்தபோது கிணறு அண்ணனாகிய இவர் பங்கில் வந்ததாம். ஒரு கோடையில் தம்பியின் தென்னம்பிள்ளைகள் வாட, இவர் தம் தண்ணீரில் பாதியை விட்டாராம். மகன் இதை வெகு பெருமையாகச் சொன்னான். தம்பியின் மனைவியோ, "குடுத்தாருங்க, ஆனா, ரெண்டு வருசம் பேச்சுவார்த்தையில்லாம இருந்து, அப்புறந்தான் குடுத்தாரு" என்றார்.

மகன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன்; பிறர் சொல்லக் கேட்டவன். அந்த அம்மாளோ வாய்க்காலின் ஓரத்தில் நின்றவர். ஆகையால் ஒவ்வொரு குறிப்பின் கீழும் 'கண்டவர்' அல்லது 'கேட்டவர்' என்று எழுதி வைத்தேன். வருஷத்தைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். "அப்போது கைக்குழந்தை யார்?" என்றேன். இரண்டாவது மகள், ஆறு மாதக் குழந்தை என்றார்கள். அவள் பள்ளிச் சான்றிதழில் 1982 நவம்பர் என்றிருந்தது. ஆகவே 1983-ஆம் வருஷத்துக் கோடை என்று நிச்சயமாயிற்று.

இனிப் பேசாமலிருந்த அந்த இரண்டு வருஷத்தை மேடையில் சொல்லலாமா? இதைத் தீர்மானிக்க எனக்கும் அதிகாரமில்லை, பேசுகிறவருக்கும் இல்லை. காலஞ்சென்றவரின் மனைவியிடம் போனேன். அந்த அம்மாள் சற்றுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லட்டுங் கண்ணு. சண்டையே இல்லாம குடுத்திருந்தா அதுல என்ன இருக்குது?" என்றார். ஆனால் தம்பி உயிரோடிருக்கிறார்; முன்வரிசையில் உட்காரப் போகிறவர். அவரையும் கேட்டேன். "பேசாம இருந்ததைச் சொல்லுங்க. ராத்திரியில நான் வாய்க்காலை வெட்டிவிட்டதை மட்டும் வேண்டாம்" என்றார். வாய்க்காலை வெட்டிய சங்கதி அதுவரை எனக்குத் தெரியாது! அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே, இறந்த 31-ஆம் நாளில் கல்வெட்டு என்னும் சிறு நூலை அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. குடும்பத்தார் விவரம் கொடுக்கப் புலவர் பாட்டுக் கட்டுவார். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று அது செல்லும். உறவினர் பட்டியலில் ஒருவர் விடுபட்டால் அவருக்குப் புலம்பலும் இல்லாமற் போகும். நம் பக்கத்துப் பேச்சிலும் அந்த ஆபத்து உண்டு. அதிலும் கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் 'மாமன்' என்பார்கள். தாயின் உடன்பிறந்தவரா, பெண் கொடுத்தவரா, வெறும் முறைக்கு மாமனா என்று தெரிந்து எழுத வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரையும் பத்திரத்திலுள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூத்த மகளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டாவது மருமகள் விடுபட்டிருந்தாள். நல்லவேளை!

ஏழு நிமிஷப் பேச்சுக்கு மூன்று சம்பவங்களுக்கு மேல் தாங்காது. சேர்த்த பதினொன்றில் எட்டைத் தள்ளினேன். தள்ளியவற்றில் அவர் ஆலை உத்தியோகமும் ஒன்று. மீதியை ஒரே தாளில், பெரிய எழுத்தில், சொன்னவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "தம்பி, எத்தனை நாழிகைத் தண்ணீர்?" என்றார். அதைக் கேட்க மறந்திருந்தேன். மறுபடியும் தம்பி வீட்டுக்கு ஓடினேன். அந்தக் கோடையில் மோட்டார் ஒருநாளைக்கு அரைமணி நேரம்தான் ஓடியதாம். அதில் பாதி கால் மணி.

படத்திறப்பன்று ஆசிரியர் "கால் மணி நேரத் தண்ணீர்" என்று சொன்னபோது, முன்வரிசையில் தம்பி மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.